திரையில் தெரியும் நேரம் எந்த நேரம்?

யுபிஐ வழியே வரும் வசூலை உடனுக்குடன் காட்டும் டாஷ்போர்டுகளைக் கடைக்காரர்களும் சிறு நிறுவனத்தாரும் இன்று பரவலாகப் பயன்படுத்தி வருகின்றனர். பரிவர்த்தனைகள் நிகழ நிகழத் தகவல் இடைவிடாது வந்து சேர்வதால் இதனை நேரலைப் பலகை என்று கூறுகிறோம். ஆயினும், பணம் செலுத்திய அதே நொடியில் அது திரையில் தோன்றிவிடும் என்று கருதுவது பொருந்தாது. திரையில் நாம் காண்பது எப்போதும் சற்று முந்தைய நிலையையே. அது எவ்வளவு முந்தையது என்பதைக் கணக்கிட அறிந்திருந்தால், பொருள் வாங்கியவரை எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்லலாம், எப்போது ஐயம் கொள்ளலாம் என்பது தெளிவாகும்.

இரு வகைக் காத்திருப்பு

நாக்பூரில் மூன்று கிளைகள் கொண்ட ஓர் இனிப்புக் கடை இருப்பதாகக் கொள்வோம். உரிமையாளர் தலைமைக் கடையில் அமர்ந்து மூன்று கிளைகளின் வசூலையும் ஒரே பலகையில் பார்க்கிறார்.

பணம் செலுத்தப்பட்ட பின், அந்தத் தகவல் பலவிடங்களைக் கடந்து பலகையின் சேமிப்பகத்தை அடைய வேண்டும். இதற்கு ஆகும் நேரமே தாமதம். நம் எடுத்துக்காட்டில் இது 8 நொடி. அடுத்து, திரை குறிப்பிட்ட கால அளவுக்கு ஒருமுறை சேமிப்பகத்தை அணுகிப் புதிய விவரத்தைப் பெற்றுவருகிறது. இது புதுப்பிப்பு இடைவெளி. இதனை 30 நொடி எனக் கொள்வோம்.

திரை மாலை 6:42:10 மணிக்கும், பின்னர் 6:42:40 மணிக்கும் புதுப்பிக்கப்படுகிறது. ஒருவர் 6:42:02 மணிக்குப் பணம் செலுத்துகிறார். 8 நொடி கழித்து, 6:42:10 மணிக்குத் தகவல் சேமிப்பகத்தை அடைகிறது. உடனே திரையிலும் தோன்றுகிறது. மற்றொருவர் ஒரே ஒரு நொடி பிந்தி 6:42:03 மணிக்குச் செலுத்துகிறார். அவருடைய தகவல் 6:42:11 மணிக்கு வந்து சேர்கிறது. அதற்குள் திரை புதுப்பிக்கப்பட்டுவிட்டதால், அது 6:42:40 வரை காத்திருக்கிறது. முதலாமவரின் பணம் 8 நொடியிலும், இரண்டாமவரின் பணம் 37 நொடியிலும் தெரிகின்றன. இருவரிடமும் பிழையில்லை, வங்கியிலும் கோளாறில்லை.

ஆகவே, மிகக் குறைந்த காத்திருப்பு தாமதத்திற்குச் சமம். மிக அதிகமானது, தாமதத்தையும் இடைவெளியையும் கூட்டிய தொகை. இங்கு 38 நொடி. இணையம் மந்தமாக இருக்கும் வேளைகளில் தாமதம் கூடும் என்பதால், இதன்மேல் சில நொடிகளைச் சேர்த்துக்கொள்வது நலம்.

இடைவெளியைக் குறைத்தால் போதுமா?

இடைவெளியை 5 நொடியாகக் குறைத்தால் காத்திருப்பு 8 முதல் 13 நொடிக்குள் அடங்கும். 1 நொடியாக்கினால் 8 அல்லது 9 நொடி. அதற்குக் கீழே இறங்காது. தாமதம் அப்படியே நிற்கும். ஆனால் 30 நொடிக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 120 முறை விவரம் கோரும் திரை, 1 நொடி இடைவெளியில் 3,600 முறை கோரும். கைப்பேசியின் மின்கலமும் இணைய அளவும் அதற்கேற்பச் செலவாகும்.

சில பலகைகளில் திரை கேட்பதற்குக் காத்திராமல், தகவல் வந்தவுடன் சேவையகமே அதனைத் திரைக்கு அனுப்பிவிடும். இம்முறையில் இடைவெளி என்பதே இல்லை. எனினும் வழியில் ஆகும் தாமதம் இதிலும் உண்டு.

நேரமுத்திரையின் இரு பொருள்கள்

பலகையின் ஓரத்தில் 'கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது' என்ற குறிப்புடன் ஒரு நேரம் காணப்படும். அது எந்த நேரம் என்பதே முதன்மையான கேள்வி. திரை கடைசியாக விவரம் பெற்ற நேரமாக அது இருக்கலாம். கடைசிப் பரிவர்த்தனைத் தகவல் வந்து சேர்ந்த நேரமாகவும் இருக்கலாம். வழக்கமான நிலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கோளாறு நேரும்போதுதான் அவை பிரிகின்றன.

நம் கடையில், சேமிப்பகத்திற்குத் தகவல் வந்து சேரும் வழி இரவு 7:05 மணிக்கு அடைபட்டது என்று கொள்வோம். திரையோ 30 நொடிக்கு ஒருமுறை சேமிப்பகத்தை அணுகி, அதே பழைய தொகையைப் பெற்றுவருகிறது. 7:20 மணிக்குப் பார்த்தால் முத்திரை 7:20 என்றே காட்டும். அது பொய்யன்று, திரை புதுப்பிக்கப்பட்டது உண்மை. ஆனால் தரவு 15 நிமிடம் பழையது. அந்த 15 நிமிடத்தில் பணம் செலுத்திய எவருடைய தொகையும் பலகையில் இராது.

இதனைக் கண்டறிய, முத்திரையை விட்டுப் பட்டியலில் உள்ள கடைசிப் பரிவர்த்தனையின் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்துடன் ஒப்பிட வேண்டும். மாலையில் நிமிடத்திற்கு ஒன்று என வசூல் வரும் கடையில் 15 நிமிட மௌனம் ஐயத்திற்கு உரியது. பிற்பகல் 3 மணிக்கு அதே மௌனம் இயல்பானதாக இருக்கலாம். ஐயம் தீர, மற்றொரு கணக்கிலிருந்து 1 ரூபாய் செலுத்திப் பார்க்கலாம்.

'2 நிமிடங்களுக்கு முன்' என்று காட்டும் முத்திரையிலும் எச்சரிக்கை தேவை. திரையே உறைந்துவிட்டால் அந்த வாசகமும் உறைந்து, மணிக்கணக்கில் 2 நிமிடம் என்றே நிற்கும். மணி, நிமிடம், நொடியுடன் கூடிய முத்திரையில் இக்குழப்பம் நேராது.

பிந்தி வரும் தொகைகள்

சில யுபிஐ பரிவர்த்தனைகள் சிறிது நேரம் நிலுவையில் இருந்து பின்னர் நிறைவேறுகின்றன. இதனால், இரவு 10 மணிக்குப் பலகையில் கண்ட அன்றைய மொத்தம் மறுநாள் காலையில் மாறியிருக்கக்கூடும். அன்றாடக் கணக்கை முடிக்க வங்கிக் கணக்கு அறிக்கையையே கொள்ள வேண்டும். பலகை நடப்பு நிலையை அறிவதற்கு உரியது.

கடையில் பின்பற்ற வேண்டியவை

முதலில் உங்கள் பலகையின் காத்திருப்பை அளந்துகொள்ளுங்கள். வெவ்வேறு நேரங்களில் பத்து முறை 1 ரூபாய் செலுத்தி, பணம் சென்றதாகச் செய்தி வந்ததிலிருந்து தொகை திரையில் தோன்றும்வரை எத்தனை நொடி ஆகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் மிகக் குறைந்தது தாமதத்தை ஏறத்தாழக் காட்டும். மிக அதிகமானது நீங்கள் காத்திருக்க வேண்டிய எல்லை.

அந்த எல்லை கடந்தும் தொகை தெரியாவிட்டால், கடைசிப் பரிவர்த்தனையின் நேரத்தைப் பாருங்கள். அது பழையதாக இருந்தால் பலகையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 'மீண்டும் செலுத்துங்கள்' என்று கேட்கவும் வேண்டாம். பணம் செலுத்தியவரின் திரையில் உள்ள 12 இலக்கக் குறிப்பு எண்ணைப் பெற்று, உங்கள் வங்கிக் கணக்கின் வரவுப் பட்டியலில் அதனைத் தேடுங்கள். அவருடைய கைப்பேசித் திரை மட்டுமே சான்றாகாது. அதனைப் போலியாக உருவாக்க இயலும். உங்கள் கணக்கில் உள்ள வரவே சான்று.

அவருடைய கணக்கில் பற்று வைக்கப்பட்டு, கடைக்கு உறுதிச் செய்தி வந்து சேரவில்லை எனில், இந்திய ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் தொகை தானாகவே அவருக்குத் திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. ஆனால், உங்கள் கணக்கில் வரவு ஏறிய பிறகும் பலகை காட்டவில்லை என்பதற்காக இருமுறை பணம் பெற்றுவிட்டால், அத்தொகை தானாகத் திரும்பாது. அதனைத் திருப்பித் தர வேண்டியவர் கடைக்காரரே.