அமுக்கமானி வாசிப்பும் அலகு மாற்றமும்

மாணவர்களே, P = hρg எனும் சூத்திரத்தை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். ஆனால் நீர்க்குழாயில் பூட்டிய அமுக்கமானியின் முகப்பில் பஸ்கால் இருப்பது அரிது. ஒரு வட்டத்தில் பார், மற்றொரு வட்டத்தில் பீ.எஸ்.ஐ. எனக் குறித்திருக்கும். பம்பியின் தகட்டிலோ ‘ஹெட் 30 மீற்றர்’ என்றிருக்கும். இவை யாவும் ஒரே கணியத்தையே, அதாவது அமுக்கத்தையே, வெவ்வேறு அலகுகளில் கூறுகின்றன.

மீற்றர் ஹெட் என்பது நீர் நிரலின் நிலைக்குத்து உயரம். 1 மீற்றர் உயர நீர் நிரலின் அமுக்கம்:

P = 1 × 1000 × 9.8 = 9800 Pa

அதாவது 9.8 கிலோபஸ்கால். 1 பார் என்பது 100 கிலோபஸ்கால். பீ.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்தின் மீது ஓர் இறாத்தல் நிறை உஞற்றும் அமுக்கம். அது ஏறத்தாழ 6.9 கிலோபஸ்காலுக்குச் சமன்.

எனவே மூன்று எண்கள் போதும்: 9.8, 100, 6.9. எந்த அலகு தரப்பட்டாலும் முதலில் அதனைப் பெருக்கிக் கிலோபஸ்காலுக்கு மாற்றுங்கள். பின்னர் வேண்டிய அலகின் எண்ணால் வகுங்கள். (வினாவில் g = 10 எனத் தரப்பட்டால் 9.8 இற்குப் பதிலாக 10 ஐப் பயன்படுத்துக.)

உதாரணம்

யாழ்ப்பாணத்தில் ஒரு கமக்காரர் தமது மிளகாய்த் தோட்டத்துக்குச் சொட்டு நீர்ப்பாசனம் அமைக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். தொகுதிக்கு 1 பார் அமுக்கம் தேவை எனக் கடைக்காரர் கூறுகிறார். அவரது மேல்நிலைத் தாங்கியிலிருந்து வரும் குழாயின் முனையில் ஓர் அமுக்கமானி உண்டு. வால்வைப் பூட்டியதும் அதன் முள் 8.5 இல் நிற்கிறது. “ஒன்று தானே வேண்டும், எட்டரை இருக்கிறதே” என எண்ணிச் சாமான்களை வாங்கிவிடலாமா?

முள் காட்டிய 8.5 எந்த வட்டத்துக்குரியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது பீ.எஸ்.ஐ. வட்டம்.

8.5 × 6.9 = 58.7 கிலோபஸ்கால்
58.7 ÷ 100 = 0.59 பார்
58.7 ÷ 9.8 = 6.0 மீற்றர்

ஆகவே 1 பார் இல்லை. அதில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே உண்டு. 1 பார் பெற நீர்மட்டம் 100 ÷ 9.8 = 10.2 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். தாங்கியை இன்னும் 4 மீற்றருக்கு மேல் உயர்த்த வேண்டும், அல்லது பம்பி பூட்ட வேண்டும். தாங்கியை அகலமாகக் கட்டிப் பயனில்லை. நீரின் அளவு கூடுமே தவிர அமுக்கம் கூடாது. சூத்திரத்தில் h உண்டு, தாங்கியின் பரப்பு இல்லை.

வாசிப்புச் சரியா?

நீர் ஓடாதபோது வாசிப்பை மீற்றருக்கு மாற்றி, அமுக்கமானியிலிருந்து தாங்கியின் நீர்மட்டம் வரையுள்ள உயரத்துடன் ஒப்பிடுங்கள். மேலுள்ள உதாரணத்தில் உயரத்தை அளந்தால் 6 மீற்றர் வரவேண்டும். பெரிதும் வேறுபட்டால் அமுக்கமானியைக் கழற்றிப் பாருங்கள். வளியில் அதன் முள் பூச்சியத்தில் நிற்காவிடின் கருவியில் வழு உண்டு.

வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 100 கிலோபஸ்கால் இருந்தும் வளியில் முள் பூச்சியத்தையே காட்டும். இவ்வகை அமுக்கமானி வளிமண்டல அமுக்கத்துக்கு மேலதிகமாக உள்ளதையே காட்டுகிறது. எனவே hρg உடன் வளிமண்டல அமுக்கத்தைக் கூட்டிவிட்டு வாசிப்புடன் ஒப்பிட வேண்டாம். பலர் புள்ளி இழப்பது இங்கேதான்.

வால்வைத் திறந்ததும் முள் 5 பீ.எஸ்.ஐ. இற்கு இறங்கினால் அது கருவியின் வழுவன்று. 5 × 6.9 ÷ 9.8 = 3.5 மீற்றர். மீதி 2.5 மீற்றர் பெரும்பாலும் குழாயின் உராய்வினால் இழக்கப்படுகிறது. குழாய் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருந்தால் இழப்புக் கூடும். ஆகவே உயரத்தைக் கணிக்க நீர் ஓடாதபோது பெற்ற வாசிப்பையும், தொகுதி இயங்குமா என அறிய நீர் ஓடும்போது பெற்ற வாசிப்பையும் எடுக்க வேண்டும்.

பயிற்சி

ஒரு பம்பியின் தகட்டில் அதிகூடிய ஹெட் 30 மீற்றர் எனக் குறிக்கப்பட்டுள்ளது. அது கிணற்று நீர்மட்டத்துக்கு 5 மீற்றர் மேலே உள்ளது. வெளியேறு வால்வைச் சிறிது நேரம் பூட்டி இயக்கினால் பம்பியின் வாயிலுள்ள அமுக்கமானி காட்டும் அதிகூடிய வாசிப்பு எவ்வளவு?

விடை: கிணற்றிலிருந்து உயர்த்த 5 மீற்றர் செலவாவதால் மீதி 25 மீற்றர். 25 × 9.8 = 245 கிலோபஸ்கால். அதாவது 2.45 பார், அல்லது 245 ÷ 6.9 = 35.5 பீ.எஸ்.ஐ.