பத்து சதவீதத் துல்லியமும் பத்து லட்சம் டாலரும்

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் சேரப்போகிறவர் தன் நெறியாளருக்கு எழுதும் கடிதத்துக்குப் பெரும்பாலும் ஒரே சாயல்தான். நன்றி இருக்கும், கல்லூரியை விட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்ச்சி கொஞ்சம் இருக்கும். கடைசியில் ஒரு வாக்குறுதி வரும்: “என் முறை இப்போதுள்ளதைவிட இத்தனை சதவீதம் துல்லியமானது. அதை அங்கே பணமாக்கிக் காட்டுகிறேன்.” சந்தேகிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான்.

நம்பிக்கை: துல்லியம் கூடினால் லாபமும் கூடும்.

இதைச் சோதிக்க நெட்ஃப்ளிக்ஸைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2006 அக்டோபரில் அந்த நிறுவனம் ஒரு போட்டி அறிவித்தது. வாடிக்கையாளர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பார் என்று கணிக்கும் சினிமேட்ச் என்ற மென்பொருள் அதனிடம் இருந்தது. அதன் பிழையை 10 சதவீதம் குறைப்பவருக்குப் பரிசு 10 லட்சம் டாலர். சுமார் 10 கோடி மதிப்பீடுகளைப் பயிற்சிக்காகத் திறந்துவிட்டார்கள்.

முதல் ஆண்டு முன்னேற்றப் பரிசை வென்ற குழு பிழையை 8.43 சதவீதம் குறைத்தது. ஆனால் அந்த விடை 107 கணிப்பு முறைகளின் கலவை. நெட்ஃப்ளிக்ஸ் பொறியாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, சிறப்பாக இருந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டையும் அப்படியே பொருத்த முடியவில்லை. போட்டித் தரவு 10 கோடி; நிறுவனத்திடம் இருந்ததோ 500 கோடிக்கு மேல். போட்டித் தரவு உறைந்து நிற்பது. நிஜத்தில் வாடிக்கையாளர்கள் நொடிக்கு நொடி புது நட்சத்திரம் போட்டுக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் சரிசெய்த பிறகுதான் அவை வேலைக்கு வந்தன.

2009இல் அதே குழு வேறு குழுக்களோடு சேர்ந்து 10.06 சதவீதத்தைத் தொட்டு முழுப் பரிசையும் வாங்கியது. அந்த இறுதி விடையை நெட்ஃப்ளிக்ஸ் பயன்படுத்தவே இல்லை. கூடுதலாகக் கிடைக்கும் துல்லியம் அதை நிறுவுவதற்கான பொறியியல் உழைப்புக்கு ஈடாகாது என்று 2012இல் அவர்களே எழுதினார்கள்.

எண்களைப் பார்த்தால் காரணம் புரியும். சினிமேட்சின் பிழை 0.9525 நட்சத்திரம், வென்ற விடையின் பிழை 0.8567. பல குழுக்கள் சேர்ந்து மூன்று ஆண்டு உழைத்துக் கிடைத்தது, ஒரு நட்சத்திரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வாடிக்கையாளர் பார்ப்பதோ திரையின் மேல் வரிசையில் இருக்கும் சில படங்களை. இந்தச் சின்ன வித்தியாசத்தால் அந்த வரிசை மாறலாம், மாறாமலும் போகலாம். சராசரிப் பிழை அதைச் சொல்லாது. அதற்குள் தொழிலும் மாறிவிட்டது. தபாலில் டிவிடி வாங்கியவர் முன்கூட்டியே யோசித்துத் தேர்ந்தெடுப்பார்; இணையத்தில் பார்ப்பவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவார். அவர் எங்கே நிறுத்தினார் என்பது நட்சத்திரத்தைவிடப் பயனுள்ள தகவல். 2017இல் நட்சத்திரங்களே போய்க் கட்டைவிரல் வந்தது.

ஆகவே கடிதம் எழுதுகிறவர் புது வேலையில் முதலில் மாற்ற வேண்டியது ஒப்பீட்டை. ஆய்வுக் கட்டுரை தன்னை ஒப்பிடுவது ஏற்கெனவே வெளியான கட்டுரைகளோடு. நிறுவனத்துக்கு இன்று ஓடிக்கொண்டிருப்பதுதான் அளவுகோல். அது யாரோ எழுதிய நான்கு வரி விதியாகக்கூட இருக்கலாம், பல சமயம் அதைத் தோற்கடிப்பதே கஷ்டம். அடுத்து, புது எண்ணால் எந்த முடிவு மாறும் என்று பார்க்க வேண்டும். பிறகு வாடிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழையது, மறுபாதிக்குப் புதியது என்று சில வாரம் ஓடவிட வேண்டும். பிழை குறைந்து, வாங்குவதோ பார்ப்பதோ கூடாவிட்டால் கணக்கு சரி, கேள்விதான் தப்பு.

நம்பிக்கை: நிறுவனத்துக்குப் போனால் கட்டுரை எழுதுவது அத்தோடு முடிந்தது.

புள்ளியியல் படித்த எல்லோரும் பரீட்சையில் போட்ட ‘ஸ்டூடண்ட் டி’ சோதனை ஒரு மதுபான ஆலை ஊழியர் கண்டது. வில்லியம் கோசெட் 1899இல் டப்ளின் கின்னஸ் ஆலையில் சேர்ந்தவர். பார்லி விளைச்சல் போன்ற சோதனைகளில் கையில் கிடைப்பது நாலைந்து மாதிரிகள்தான். அதை வைத்து எவ்வளவு நம்பலாம் என்பது ஆலையின் பணப் பிரச்சினை. விடை 1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளிவந்தது. ஆலை அனுமதித்தது, ஆனால் சொந்தப் பெயரில் அல்ல. ‘ஸ்டூடண்ட்’ அவருடைய புனைபெயர்.

இன்று புனைபெயர் தேவையில்லை, வரிசைதான் முக்கியம். ஐரோப்பாவில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கட்டுரை வெளியானால் பொதுவாக அந்தக் கண்டுபிடிப்பு புதியதல்ல என்றாகிவிடும். அமெரிக்கச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது. அதனால் கட்டுரை முதலில் சட்டப் பிரிவின் மேசைக்குப் போகும், மாநாட்டுக்கான கடைசித் தேதி அங்கேயே கடந்துபோவதும் உண்டு. வெளியிட அனுமதி யார் தருவார், எத்தனை நாளில் தருவார் என்பதைச் சம்பளம் பேசும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.