அறுநூறு சொல்லுக்குள் ஒரு வாதம்

கோயமுத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதி அனுப்பிய கட்டுரையை நிதானமாகப் படித்தேன். பத்திரிகையின் நடுப்பக்கத்தில் அறுநூறு சொற்களுக்கு மேல் ஒரு சொல்லுக்கும் இடமில்லை என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றும், உங்கள் கையில் இருப்பதோ ஏறக்குறைய 980 சொற்கள் என்றும், எந்தப் பத்தியை எடுத்தாலும் கட்டுரை நொண்டுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். எல்லாப் பத்தியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளியெடுத்துக் கணக்கைச் சரிக்கட்ட முயன்றிருக்கிறீர்கள் என்பது, நீங்கள் உடன் அனுப்பிய இரண்டாம் பிரதியைப் பார்த்ததுமே தெரிந்தது. அந்தப் பிரதியில் சரித்திரமும் அரைகுறை, கணக்கும் அரைகுறை, கோரிக்கையும் அரைகுறை. ஆகையால் அதை ஒதுக்கிவிட்டு, மூலப் பிரதியிலிருந்தே மறுபடியும் தொடங்குங்கள்.

பென்சிலை எடுப்பதற்கு முன், கட்டுரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது சொல்ல வந்த விஷயத்தை ஒரு தனித் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். உங்கள் கட்டுரைக்கு நான் எழுதிப் பார்த்தது இது: பவானியிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீர் குளங்களுக்குத் துணை நீர்தான், குளத்தை நிறைக்க வல்லது அதன் சொந்த நீர்வரத்தே, ஆகவே குழாய்க்குச் செய்த செலவு பலிக்க வேண்டுமானால், மழைநீர் வந்து சேரும் ஓடைகளை முதலில் சீராக்க வேண்டும். இந்த மூன்று அங்கங்களில், முதலாவது ஓர் உண்மை, இரண்டாவது அதிலிருந்து எழும் காரணம், மூன்றாவது கோரிக்கை. மூன்றில் எது போனாலும் வாதம் போய்விடும். மூன்றுக்கும் சம்பந்தமில்லாதது எத்தனை அழகாக இருந்தாலும் அது போனால் வாதத்திற்கு நஷ்டமில்லை. இனி ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அது இந்த மூன்றில் எதைத் தாங்குகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எதையும் தாங்காத பத்திகள் தாமாகவே வெளிப்பட்டுவிடும்.

அப்படிப் பார்க்கையில் முதலில் அகப்படுவது உங்கள் ஆரம்பமே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானியில் அணை கட்டி வாய்க்கால் வெட்டிய வரலாற்றை ஏறக்குறைய இருநூறு சொற்களில் விஸ்தாரமாக எழுதியிருக்கிறீர்கள். கொங்கு நாட்டில் தண்ணீரைப் பற்றி எழுத உட்காருகிற எவருக்கும் அந்தப் பெயரில் தொடங்கத் தோன்றுவது இயற்கை. அந்தப் பத்தியின் நடையும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த வரலாறு முழுவதும் நீங்கினாலும் நம் குளத்தின் வழக்கு அணுவளவும் பலவீனப்படவில்லை. காலிங்கராயன் அணைக்கட்டு என்ற பெயர் மட்டும் நிற்க வேண்டும், ஏனெனில் திட்டத்திற்குத் தண்ணீர் எடுக்கிற இடம் அதற்குக் கீழே இருக்கிறது. பெயர் வாதத்தின் பகுதி, கதை வாதத்தின் பகுதியன்று. இப்படி ஒரே விஷயத்திற்குள்ளேயே வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலில் கடினமான பகுதி.

அடுத்ததாக, திட்டத்தை விவரிக்கிற பத்திகள். அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுந்த கோரிக்கை, ஆறு நீரேற்று நிலையங்கள், ஈரோடு, திருப்பூர், கோவை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து 1,045 குளங்களும் குட்டைகளும், 2024 ஆகஸ்ட் 17 அன்று நடந்த தொடக்கம், அதற்கு யார் யார் காரணம் என்ற நீண்ட சர்ச்சை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்து வாசகருக்கு இவற்றில் பாதி தெரிந்த சங்கதி. தொடக்க நாளையும் குளங்களின் எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். யாருக்குப் புகழ் சேர வேண்டும் என்ற சர்ச்சை தனிக் கட்டுரைக்கு உரியது; அதை இங்கே கால்வாசி சொன்னால் வாசகர் உங்களை ஒரு கட்சிக்காரராகப் படித்துவிட்டு, ஓடையைப் பற்றிய பகுதிக்கு வருவதற்குள் தாளை மடித்துவிடுவார்.

இனி நான் விரலை வைத்துக் காக்கச் சொல்கிற பத்தி, உங்கள் கணக்குப் பத்தி. இரண்டாம் பிரதியில் அதைத்தான் நீங்கள் பாதியாகக் குறைத்திருக்கிறீர்கள். எண்கள் வாசகரை மிரட்டும் என்று பயந்தீர்கள் போலும். கட்டுரையிலேயே வேறு எவரும் எழுதாத விஷயம் அது ஒன்றுதான். விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்கள் எடுத்தால் ஏறக்குறைய 150 கோடி கன அடி, அதாவது ஒன்றரை டி.எம்.சி.; அதை 1,045 நீர்நிலைகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சராசரி 14 லட்சம் கன அடிக்குச் சற்று மேல்; இருபது ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஒரு குளத்தில் அது ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்திற்கே நிற்கும். இந்தப் படிகளில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது. சுருக்கிய பிரதியில் நீங்கள் இடைப்படிகளை விட்டுவிட்டு, குழாய்த் தண்ணீர் போதாது என்று முடிவை மட்டும் வைத்தீர்கள். படிகளோடு சொன்னது நிரூபணம். படிகள் போனபின் அது ஒரு தனிமனிதருடைய அபிப்பிராயம், நாளைக்கே ஒருவர் போதும் என்று எழுதினால் உங்களிடம் பதிலில்லை. ஆகையால் மற்ற இடங்களில் மிச்சம் பிடித்தாவது இந்தப் பத்திக்கு அதன் நூற்றுப்பத்துச் சொற்களையும் முழுதாகக் கொடுங்கள். குட்டைக்குக் குறைவாகவும் பெரிய குளத்திற்கு அதிகமாகவும் போகும் என்பதால், சராசரி என்ற சொல்லையும் அதில் விடக் கூடாது.

சிறிய சொற்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மூலத்தில், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீர் செல்லும் காலத்தில் மட்டும் தண்ணீர் எடுக்கப்படும் என்று எழுதியிருந்தீர்கள். குறைத்த பிரதியில் அது, பவானியிலிருந்து தண்ணீர் எடுக்கப்படும் என்று ஆகிவிட்டது. ஏழு சொற்கள் மிச்சமாயின. ஆனால் அந்தச் சொற்களில்தான் உங்கள் முதல் அங்கம் முழுவதும் இருந்தது. உபரி இருந்தால்தான் வரும் என்ற நிபந்தனை இருப்பதனால்தான் அது துணை நீர். ‘மட்டும்’, ‘பெரும்பாலும்’, ‘வரையில்’ போன்ற சொற்கள் கண்ணுக்குப் பயனற்றவைபோலத் தோன்றி முதலில் பலியாகின்றன. அவற்றை அடிக்கும்போது வாக்கியம் குறைவதோடு அதன் பொருளும் மாறுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எங்கே குறைப்பது என்பீர்கள். நம் பத்திரிகைத் தமிழ் தானாகச் சேர்த்துக்கொள்கிற சதைப்பற்று ஒன்று இருக்கிறது, அங்கேதான். உங்கள் கோரிக்கை வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்: ‘குளங்களுக்கு நீர் வரும் ஓடைகளைத் தூர்வாரும் பணியானது உடனடியாக மேற்கொள்ளப்பட வேண்டியது மிகவும் அவசியமான ஒன்றாகும் என்பதை யாராலும் மறுக்க முடியாது.’ பதினாறு சொற்கள். யார் தூர்வாருவது என்பதும் இல்லை, எப்போது என்பதும் இல்லை. இதையே, ‘ஊராட்சிகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் நீர்வரத்து ஓடைகளைத் தூர்வார வேண்டும்’ என்று எழுதினால் எட்டுச் சொற்களே ஆகின்றன. செய்பவரும் காலமும் சேர்ந்துவிட்டதனால் வாதம் முன்னைவிடக் கூர்மையாகிறது. பணி மேற்கொள்ளப்படுவது, நடவடிக்கை எடுக்கப்படுவது, குறிப்பிடத்தக்கது, மறுப்பதற்கில்லை ஆகியவற்றைக் கட்டுரை முழுவதும் தேடிக் களைந்தால், ஒரு கருத்தும் நஷ்டமின்றி எழுபது எண்பது சொற்கள் தேறும். ஆனால் ‘செய்ய வேண்டி இருக்கிறது’ என்ற மூன்றை ‘செய்யவேண்டியிருக்கிறது’ என்று ஒன்றாக ஒட்டி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். எண்ணிக்கை குறையுமே தவிர, பக்கத்தில் பிடிக்கிற இடம் குறையாது, பக்கம் அமைப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

எதிர்வாதப் பத்தியையும் நீங்கள் எடுத்துவிட்டிருக்கிறீர்கள். திட்டத்தின் நோக்கம் குளம் ததும்புவதன்று, நிலத்தடி நீரை உயர்த்துவதே என்று பொறியாளர்கள் சொல்வார்கள். அது நியாயமான ஆட்சேபம். அதற்கு உங்கள் பதிலும் நல்ல பதில்: நிலத்தில் இறங்குவதற்கும் தண்ணீர் குளத்தில் சில மாதங்களாவது நிற்க வேண்டும், ஒன்றரை அடி நீர் கொங்கு வெயிலில் அவ்வளவு நாள் நிற்பது துர்லபம். விவரம் தெரிந்த வாசகரின் மனத்தில் கணக்குப் பத்தியைப் படித்ததுமே இந்த ஆட்சேபம் எழும். அங்கே நீங்கள் மௌனமாக இருந்தால் காரணம் தெரியாமல் எழுதியதாக நினைப்பார். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எண்பது சொற்கள் போதும்.

அன்னூர்ப் பக்கத்து உங்கள் ஊர்க் குளத்தின் ஓடையில் கட்டட இடிபாடு கொட்டிக் கிடப்பதையும், சாலைக்குக் கீழே போகிற பாலத்தின் கண்கள் மண்மூடிப் போனதையும், சீமைக்கருவேலம் அடைத்து நிற்பதையும் எழுதிய பத்தி அப்படியே இருக்கட்டும். இரண்டாவது குளம், மூன்றாவது குளம் என்று அடுக்கியவை வேண்டாம். ஒன்றைக் கண்ணெதிரே நிறுத்தினால் வாசகர் தம் ஊர்க் குளத்தைத் தாமே நினைத்துக்கொள்வார்.

வெட்டி முடித்தபின் ஏற்படுகிற காயங்களைத் தேடுவது தனி வேலை. சரித்திரப் பத்தி போனபின், மூன்றாம் பத்தியின் தொடக்கத்தில் ‘ஆகவே’ என்ற சொல் எதையும் பற்றிக்கொள்ளாமல் தொங்குகிறது, ‘அவர்கள்’ என்று வருகிற இடத்தில் அவர்கள் யார் என்பது வெட்டுண்ட பத்தியோடு போய்விட்டது, டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி என்று விளக்கிய வாக்கியமும் போயிருக்கிறது. எழுதியவர் கண்ணுக்கு இவை தெரியா, மூலம் மனத்திலேயே இருப்பதனால் கண் இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். மூலத்தைப் படிக்காத ஒருவரிடம், உங்கள் வீட்டிலேயே யாரிடமாவது, புதுப் பிரதியைக் கொடுத்து, என்ன கேட்கிறேன், ஏன் கேட்கிறேன் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ‘ஓடையைத் தூர்வாரச் சொல்கிறாய்’ என்று மட்டும் சொல்லி, ஏன் என்ற கேள்விக்குத் தயங்கினால், கணக்குப் பத்திக்கும் கோரிக்கைக்கும் நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது என்று பொருள். அங்கே இரண்டு வாக்கியம் திரும்பச் சேர்த்துவிட்டு, வேறெங்காவது அதை ஈடுகட்டுங்கள்.

கடைசியாக, கோரிக்கையைக் கட்டுரையின் அடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். விளம்பரம் வந்து இடம் சுருங்கினால் அவசரத்தில் கடைசிப் பத்தியைத்தான் வெட்டுவார்கள்; செய்திக்கு அந்த வழக்கம் பொருந்தும், வாதத்திற்கு அது மரணம். முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியத்தில் கோரிக்கையைச் சொல்லிவிடுங்கள். 590 சொற்களில் முடித்து அனுப்புங்கள், அனுப்பும்போது ஆசிரியருக்கு ஒரு குறிப்பும் வையுங்கள்: இன்னும் முப்பது சொல் குறைய வேண்டுமானால் இரண்டாம் பத்தியில் தொடக்க விழாவைச் சொல்லும் வாக்கியங்களை எடுத்துக்கொள்ளலாம், மூன்றாம் பத்தியின் கணக்கை மட்டும் தயவுசெய்து தொட வேண்டாம், தொட நேர்ந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், நானே குறைத்துத் தருகிறேன் என்று.

அன்புடன்,
உங்கள் அண்ணன்