சாணும் நூலும்: வீட்டிலேயே நீளம் அளக்கலாம்

• கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை கையை நன்றாக விரித்தால் ஒரு சாண். சுண்டு விரல் முடிந்த இடத்திலேயே அடுத்த சாணின் கட்டை விரலை வையுங்கள். இடைவெளி விட்டால் எண்ணிக்கை குறையும். விரல்கள் மேலேறினால் கூடும்.

• அளக்கும் முன் எத்தனை சாண் வரும் என்று பிள்ளை ஊகித்து எழுதட்டும்.

• ஒரே மேசை பிள்ளைக்கு 8 சாண், அம்மாவுக்கு 6 சாண். கை பெரிதானால் எண்ணிக்கை குறையும்.

• குடத்தின் வாய் போன்ற வளைவுகளைச் சாணால் அளக்க முடியாது. நூலை ஒரு சுற்றுச் சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் குறியிட்டு, பிரித்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். கம்பளி நூல் இழுபடும். சணல் நூலே நல்லது.

பதிவுத் தாள்

| பொருள் | ஊகம் (சாண்) | பிள்ளையின் சாண் | அம்மாவின் சாண் | நூல் அளவு (செ.மீ.) |
|---|---|---|---|---|
| மேசை | 7 | 8 | 6 | 120 |
| குடத்தின் வாய் | – | – | – | 47 |
| கதவின் அகலம் | | | | |