காற்புள்ளி எங்கே விழ வேண்டும்?

12345678 என்ற எண்ணை ஒரு முறை உரக்கப் படியுங்கள். சற்றுத் தடுமாறுகிறீர்கள் அல்லவா? இப்போது இதைப் படியுங்கள்: 1,23,45,678. ஒரு கோடியே இருபத்து மூன்று இலட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு. தடுமாற்றம் போய்விட்டது.

நீங்கள் படித்ததையே மீண்டும் கவனியுங்கள். 'கோடியே' என்று சொன்ன இடத்தில் முதல் காற்புள்ளி இருக்கிறது. 'இலட்சத்து' என்ற இடத்தில் இரண்டாவது. 'ஆயிரத்து' என்ற இடத்தில் மூன்றாவது. காற்புள்ளிகள் நாம் எண்ணைச் சொல்லும் முறையைப் பின்பற்றி நிற்கின்றன. ஆயிரத்துக்கு மூன்று பூச்சியம். அதன் பிறகு நூறு மடங்குக்கு ஒரு பெயர் வருகிறது: நூறு ஆயிரம் ஓர் இலட்சம், நூறு இலட்சம் ஒரு கோடி. ஆகவே வலப்புறத்திலிருந்து முதலில் மூன்று இலக்கங்கள், பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்கிறோம். ஆங்கிலேயர் ஆயிரம் மடங்குக்கு ஒரு பெயர் வைத்திருப்பதால் எங்கும் மும்மூன்றாகப் பிரிக்கிறார்கள். அவர்கள் வழக்கில் இதே எண் 12,345,678 ஆகும். பன்னிரண்டு மில்லியன் என்று தொடங்கும்.

வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் இன்று உறுப்பினருக்குக் கணினி வழியாகவே பதில் அனுப்புகின்றன. 'உங்கள் கடன் நிலுவை இவ்வளவு, இந்தத் தேதிக்குள் செலுத்துக' என்று தமிழில் ஒரு செய்தி வருகிறது. அந்தச் செய்தியில் காற்புள்ளியை வைப்பது ஒரு நிரல். கணினிக்குள் எண் காற்புள்ளி இல்லாமல்தான் இருக்கும். வெளியே காட்டும்போதுதான் அது உடை அணிகிறது. எந்த உடை என்று நாம் சொல்லாவிட்டால், நிரல் பெரும்பாலும் மேல்நாட்டு உடையையே அணிவிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சொல்லும் விதம் இது:

```
const n = 12345678;
n.toLocaleString('ta-IN');  // 1,23,45,678
n.toLocaleString('ta-SG');  // 12,345,678
```

இரண்டிலும் `ta` என்பது தமிழைக் குறிக்கிறது. `IN` இந்தியா, `SG` சிங்கப்பூர். மொழி ஒன்றே ஆனாலும் காற்புள்ளி இடம் மாறுவதைப் பாருங்கள். சிங்கப்பூர்த் தமிழர் மில்லியன் கணக்கில் பழகியவர்கள். எனவே 'தமிழில் காட்டு' என்று மட்டும் கட்டளையிட்டால் போதாது. எந்த நாட்டில் படிக்கப் போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. 45,000 என்பதும் 99,999 என்பதும் இரண்டு முறைகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆறாவது இலக்கம் வந்த பிறகுதான் 1,23,456 என்பது 123,456 என்று வெளிப்பட்டுக் குட்டு உடையும். சிறு தொகைகளை மட்டும் கொடுத்துச் சோதித்தவர், எல்லாம் சரி என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்!

அடுத்தது சுருக்கிச் சொல்வது. 1,23,45,678 ரூபாயை 1.23 கோடி என்று எழுதலாம். ஆனால் 1.23 கோடி என்பது 1,23,00,000. மீதி 45,678 ரூபாய் எங்கே? அது மறைந்துவிட்டது. ஓர் ஊராட்சியின் வரவுசெலவைப் பேசும்போது இது பெரிதல்ல. ஒருவர் கட்ட வேண்டிய பணம் என்றால் முழுத் தொகையையும் எழுதியே ஆக வேண்டும்.

சுருக்குவதில் ஒரு பொறியும் உண்டு. தொகை 99,99,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிரல் முதலில் 'இது கோடிக்குக் குறைவா?' என்று பார்க்கிறது. ஆம், 400 ரூபாய் குறைவு. ஆகவே இலட்சம் என்ற அலகைத் தேர்ந்துகொள்கிறது. ஓர் இலட்சத்தால் வகுத்தால் 99.996 கிடைக்கும். இதை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் 100.00. செய்தியில் '100.00 இலட்சம்' என்று வந்து நிற்கிறது. கணக்கில் தவறில்லை, ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை. அடுத்த வரியில் இன்னொரு தொகை '1.00 கோடி' என்று வந்தால், படிப்பவர் இரண்டும் வெவ்வேறு என்றே நினைப்பார். வரிசையை மாற்றுவதுதான் இதற்கு மருந்து. முதலில் முழுமையாக்க வேண்டும். அந்த விடை 100 இலட்சத்தை எட்டினால் அலகைக் கோடிக்கு மாற்ற வேண்டும். 

மிகப் பெரிய தொகைகளில் காற்புள்ளியும் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. ஓர் இலட்சம் கோடியை விதிப்படி எழுதினால் 10,00,00,00,00,000 என்று வரும். இதை யார் படிப்பார்கள்? கோடிக்கு மேல் நாம் கோடிகளையே மறுபடி எண்ணத் தொடங்குகிறோம். எனவே அங்கே 1,00,000 கோடி என்று எழுதுவதே பேச்சுக்குப் பொருந்தும்.

பணத்தின் குறியிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். 2010-இல் ஏற்கப்பட்ட ₹ குறி, 'ரூ.' என்ற சுருக்கம், 'ரூபாய்' என்ற சொல் ஆகிய மூன்றும் சரியானவையே. ஒரு செய்தியில் ஒன்றை மட்டும் ஆளுங்கள். '₹500 ரூபாய்' என்று எழுதினால் 'ரூபாய் ஐந்நூறு ரூபாய்' என்றாகிவிடும்.

இனித் தேதிக்கு வருவோம். 04/03/2025 என்பது எந்த நாள்? நமக்கு மார்ச் 4. அமெரிக்க முறையில் எழுதப்பட்ட நிரலுக்கு ஏப்ரல் 3. கடன் தவணை என்றால் ஒரு மாத வட்டி இதில் அடங்கியிருக்கிறது. ஆண்டில் இப்படிக் குழப்பும் நாள்கள் எத்தனை? நாள் எண் 12-க்கு மேல் இருந்தால் அது மாதமாக இருக்க முடியாது, குழப்பமில்லை. 12 மாதங்களிலும் முதல் 12 நாள்கள், ஆக 144. இவற்றில் 5/5, 6/6 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் 12 நாள்களைக் கழித்தால் 132. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! இன்னும் மோசமானது என்னவென்றால், இந்த 132 நாள்களிலும் கணினி எந்த எச்சரிக்கையும் தராது. 25/03/2025 வந்தால்தான் 'இருபத்தைந்தாம் மாதம் ஏது?' என்று விழிக்கும்.

ஆகவே கணினிக்குள் தேதியை 2025-03-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வைக்கிறார்கள். இது ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகத் தரம். சாதாரண எழுத்து வரிசையில் அடுக்கினாலே தேதிகள் கால வரிசையில் நிற்கும் என்பது கூடுதல் வசதி. படிப்பவருக்குக் காட்டும்போது '2025 மார்ச் 4' என்று மாதத்தைப் பெயரால் எழுதினால் ஐயத்துக்கு இடமே இல்லை.

உங்கள் பள்ளிக் கணினியில் இதைச் செய்து பாருங்கள். 99999, 100000, 9999400, 9999600, 10000000 ஆகிய ஐந்து எண்களையும் ஒரு நிரலுக்குக் கொடுத்து, இரண்டு தசம இடங்களுடன் இலட்சத்திலும் கோடியிலும் சுருக்கிக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது எண் 99.99 இலட்சம் என்றும், நான்காவது 1.00 கோடி என்றும் வர வேண்டும். நான்காவதில் '100.00 இலட்சம்' என்று வந்தால், நிரலில் அலகைத் தேர்ந்த வரி முழுமையாக்கும் வரிக்கு முன்னால் இருக்கிறதா என்று தேடுங்கள்.