கடை உபகரணங்களின் பெறுமானத் தேய்வும் வரிக்குரிய இலாபமும்

பெறுமானத் தேய்வு வினாக்களில் மாணவர்கள் பொதுவாகக் கணிப்பைச் சரியாகச் செய்துவிடுகின்றனர். ஆனால் "குறைந்து செல்லும் மீதி முறையைப் பின்பற்றினால் வணிகரின் வருமான வரி குறையுமா?" என வினவப்பட்டால், இலாபம் குறைவதால் வரியும் குறையும் என எழுதிவிடுகின்றனர். இலங்கையின் வரிச் சட்டத்தின்படி இவ்விடை பிழையானது. அது ஏன் பிழையாகின்றது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் படிப்படியாக நோக்குவோம்.

உதாரணம்

வவுனியாவில் பலசரக்குக் கடை நடத்தும் தனி வணிகர் ஒருவர் ஐஸ்கிரீம், மீன், கோழி இறைச்சி என்பவற்றை வைத்து விற்பதற்காக 2021.04.01 அன்று பெரிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றைக் கொள்வனவு செய்தார். அதன் விலை ரூபா 455,000. லொறிக் கூலி ரூபா 10,000. பொருத்துவதற்கும் அதற்கெனத் தனி மின் இணைப்பு இழுப்பதற்கும் ரூபா 15,000 செலவானது. பயன்தரும் ஆயுட்காலம் 4 வருடங்கள் எனவும், 4 வருட முடிவில் அதனை ரூபா 30,000 இற்கு விற்கலாம் எனவும் மதிப்பிடப்பட்டது. கணக்காண்டு மார்ச் 31 இல் முடிவடைகின்றது.

முதலில் கிரயத்தைத் தீர்மானிக்க வேண்டும். உபகரணத்தைக் கடைக்குக் கொண்டுவந்து இயங்கும் நிலைக்கு ஆக்கும்வரை ஏற்பட்ட செலவுகள் யாவும் கிரயத்தில் சேரும். ஆகவே கிரயம் 455,000 + 10,000 + 15,000 = ரூபா 480,000 ஆகும். பின்னர் வருடாவருடம் வாயு நிரப்புவதற்கும் திருத்துவதற்கும் ஏற்படும் செலவு கிரயத்தில் சேராது. அது அந்தந்த வருடத்தின் செலவாகும். கொள்வனவு விலையான 455,000 ஐ மட்டும் எடுத்துக் கணிப்பைத் தொடங்கினால் அடுத்து வரும் விடைகள் அனைத்தும் பிழையாகிவிடும்.

நேர்கோட்டு முறை

இம்முறையில் கிரயத்திலிருந்து எச்சப் பெறுமதி கழிக்கப்பட்டு, மீதி ஆயுட்கால வருடங்களால் வகுக்கப்படும்.

(480,000 − 30,000) ÷ 4 = ரூபா 112,500

நான்கு வருடங்களுக்கும் இதே தொகைதான். ஏட்டுப் பெறுமதி வருடாவருடம் ஒரே அளவால் இறங்கி, நான்காம் வருட முடிவில் ரூபா 30,000 ஆகின்றது.

குறைந்து செல்லும் மீதி முறை

இம்முறையில் வருட ஆரம்பத்தில் உள்ள ஏட்டுப் பெறுமதியின் மீது ஒரு நிலையான வீதம் கணிக்கப்படும். இங்கு வீதம் 50% எனக் கொள்வோம். கடை உபகரணங்களுக்கு இது சற்று உயர்ந்த வீதமே. எனினும் இரு முறைகளும் ரூபா 30,000 என்ற ஒரே பெறுமதியில் முடிவடைந்தால்தான் ஒப்பிடுவது இலகு என்பதால் இவ்வீதம் தெரிவு செய்யப்பட்டுள்ளது.

முதலாம் வருடம்: 480,000 × 50% = 240,000, மீதி 240,000
இரண்டாம் வருடம்: 240,000 × 50% = 120,000, மீதி 120,000
மூன்றாம் வருடம்: 120,000 × 50% = 60,000, மீதி 60,000
நான்காம் வருடம்: 60,000 × 50% = 30,000, மீதி 30,000

இம்முறையில் எச்சப் பெறுமதியைக் கழித்துவிட்டு வீதத்தைப் பிரயோகிக்கக் கூடாது. எச்சப் பெறுமதி வீதத்தினுள் ஏற்கனவே அடங்கியுள்ளது. 450,000 × 50% எனத் தொடங்கியவர் இவ்விடத்தில்தான் தவறுகின்றார். இரண்டாம் வருடத்திலும் 480,000 இன் மீதே வீதத்தைக் கணிப்பது மற்றொரு தவறு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். குறைந்து செல்லும் மீதி முறையில் எந்த இரு முழு வருடங்களின் தேய்வும் சமமாக வரமாட்டாது. சமமாக வந்திருந்தால் நீங்கள் கிரயத்தின் மீது கணித்துள்ளீர்கள்.

வருட நடுவில் கொள்வனவு செய்யப்பட்டால், அவ்வருடத்திற்குப் பயன்படுத்திய மாதங்களுக்கு மட்டும் தேய்வு கணிக்கப்படும். இதே பெட்டி 2021.10.01 அன்று வாங்கப்பட்டிருந்தால் முதல் வருடத் தேய்வு 480,000 × 50% × 6/12 = ரூபா 120,000 ஆகும். இரண்டாம் வருடத்தில் ஏட்டுப் பெறுமதி ரூபா 360,000 என்பதால் தேய்வு ரூபா 180,000. இரண்டாம் வருடத் தொகை முதல் வருடத்தை விடக் கூடுதலாக இருப்பதைக் கண்டு விடை பிழை என எண்ணி அழித்துவிட வேண்டாம். முதல் வருடத்தில் அடங்கியவை ஆறு மாதங்களே.

எம்முறையாயினும் பதிவு ஒன்றே. பெறுமானத் தேய்வுக் கணக்கு வரவு, பெறுமானத் தேய்வு ஏற்பாட்டுக் கணக்கு செலவு. உபகரணக் கணக்கு கிரயத்திலேயே இருக்கும்.

கணக்கீட்டு இலாபத்தின் மீதான விளைவு

கடையின் பெறுமானத் தேய்வுக்கு முந்திய இலாபம் ஒவ்வொரு வருடமும் ரூபா 2,400,000 எனக் கொள்வோம். குளிர்சாதனப் பெட்டியைத் தவிர வேறு உபகரணம் இல்லை எனவும் கொள்வோம்.

நேர்கோட்டு முறையில் தேறிய இலாபம் நான்கு வருடங்களிலும் ரூபா 2,287,500. குறைந்து செல்லும் மீதி முறையில் அது முறையே ரூபா 2,160,000, 2,280,000, 2,340,000, 2,370,000 என ஏறிச் செல்கின்றது. முதல் வருடத்தில் மட்டும் இரு முறைகளுக்கும் இடையில் ரூபா 127,500 வித்தியாசம் உண்டு. கடையில் விற்பனையோ செலவோ மாறவில்லை. கணிக்கும் முறை மட்டுமே மாறியுள்ளது. நான்கு வருடங்களையும் கூட்டிப் பார்த்தால் இரு முறையிலும் மொத்தத் தேய்வு ரூபா 450,000, மொத்த இலாபம் ரூபா 9,150,000. முறை மாறும்போது இலாபம் ஒரு வருடத்திலிருந்து இன்னொரு வருடத்திற்கு நகர்கின்றதே தவிர, மொத்தத்தில் கூடுவதோ குறைவதோ இல்லை.

எம்முறையைத் தெரிவு செய்வது என்பது வணிகரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. உபகரணத்தின் பயன் எவ்வாறு நுகரப்படுகின்றது என்பதை அம்முறை பிரதிபலிக்க வேண்டும் என இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 கூறுகின்றது. கண்ணாடி அலுமாரி, இறாக்கை போன்றவை வருடாவருடம் ஏறக்குறைய ஒரே அளவில் பயன் தருவதால் அவற்றுக்கு நேர்கோட்டு முறை பொருந்தும். புதிதாக இருக்கும்போது கூடுதலாக உழைத்து, பழையதாகும்போது அடிக்கடி பழுதாகும் உபகரணத்திற்குக் குறைந்து செல்லும் மீதி முறை பொருந்தும். அத்தகைய உபகரணத்தில் பின்னைய வருடங்களில் திருத்தச் செலவு ஏறும்போது தேய்வு இறங்குவதால், அவ்விரண்டும் சேர்ந்த மொத்தச் செலவு பெரிதாக ஏறி இறங்காது.

வரிக்குரிய இலாபம்

இனி வினாவின் முக்கிய பகுதிக்கு வருவோம். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வணிகர் தமது ஏட்டில் எழுதிய பெறுமானத் தேய்வைக் கழிவாக ஏற்பதில்லை. ஆயுட்காலம், எச்சப் பெறுமதி, வீதம் மூன்றும் மதிப்பீடுகளே. அவற்றை ஒவ்வொருவரும் தமக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டால் ஒரே அளவு உழைக்கும் இரு கடைகள் வெவ்வேறு வரி செலுத்த நேரிடும். ஆகவே சட்டம் தனது சொந்தக் கழிவொன்றை வழங்குகின்றது. இது மூலதனக் கழிவு ஆகும். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018.04.01 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தளபாடம், பொருத்துகள், உபகரணம் என்பவற்றின் கிரயம் 5 வருடங்களுக்குச் சமமாகப் பகிர்ந்து கழிக்கப்படும். இக்கணிப்பில் எச்சப் பெறுமதி கழிக்கப்படுவதில்லை.

எமது உதாரணத்தில் மூலதனக் கழிவு 480,000 ÷ 5 = ரூபா 96,000. முதல் வருடத்திற்கான கணிப்பு பின்வருமாறு அமையும்.

நேர்கோட்டு முறையைப் பின்பற்றியிருப்பின்:
தேறிய இலாபம் 2,287,500
கூட்டுக: பெறுமானத் தேய்வு 112,500
மொத்தம் 2,400,000
கழிக்குக: மூலதனக் கழிவு 96,000
வரி நோக்கத்திற்கான வணிக இலாபம் 2,304,000

குறைந்து செல்லும் மீதி முறையைப் பின்பற்றியிருப்பின்:
தேறிய இலாபம் 2,160,000
கூட்டுக: பெறுமானத் தேய்வு 240,000
மொத்தம் 2,400,000
கழிக்குக: மூலதனக் கழிவு 96,000
வரி நோக்கத்திற்கான வணிக இலாபம் 2,304,000

இரு விடைகளும் ஒன்றே. ஏட்டில் எத்தொகை கழிக்கப்பட்டதோ அதே தொகை திரும்பக் கூட்டப்படுவதால் முறையின் விளைவு முற்றாக நீங்கிவிடுகின்றது. நேர்கோட்டு முறையில் 112,500 ஐயும் மற்றைய முறையில் 240,000 ஐயும் கூட்ட வேண்டும் என்பதைக் கவனிக்குக. இரண்டிலும் ஒரே தொகையைக் கூட்டியவருக்கு இரு வேறு விடைகள் வரும். அதுவே பிழை நேர்ந்ததற்கான அடையாளம்.

தமிழ்நாட்டு நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இங்கு சற்றுக் கவனமாக இருத்தல் வேண்டும். இந்திய வருமான வரியில் பெரும்பாலான வணிகங்கள் குறைந்து செல்லும் மீதி முறையிலேயே தேய்வைக் கோருகின்றன. அங்கும் வீதத்தை விதிப்பது சட்டமே, வணிகர் அல்லர். அந்நூல்களின் வரிக் கணிப்பை இலங்கை வினாவுக்கு எழுத முடியாது.

பெட்டியை விற்கும்போது

2025 ஏப்ரலில் இப்பெட்டி எதிர்பார்த்தவாறே ரூபா 30,000 இற்கு விற்கப்பட்டது எனக் கொள்வோம். ஏட்டுப் பெறுமதியும் ரூபா 30,000 என்பதால் கணக்கேடுகளில் இலாபமோ நட்டமோ இல்லை. வரிக் கணிப்பிலோ நான்கு வருடங்களில் 96,000 × 4 = ரூபா 384,000 மட்டுமே கழிக்கப்பட்டுள்ளது. கழிக்கப்படாத மீதி ரூபா 96,000. விற்பனையில் கிடைத்தது ரூபா 30,000. ஆகவே எஞ்சிய ரூபா 66,000 விற்ற வருடத்தில் சமப்படுத்தல் கழிவாக வழங்கப்படும். 384,000 + 66,000 = 450,000. ஏட்டில் நான்கு வருடங்களில் எழுதப்பட்ட மொத்தத் தேய்வும் இதுவே. மாறாகப் பெட்டி ரூபா 110,000 இற்கு விலைப்பட்டிருந்தால், கழிக்கப்படாத மீதியை விடக் கூடுதலாகக் கிடைத்த ரூபா 14,000 வணிக வருமானத்துடன் கூட்டப்படும்.

பயிற்சி

ஒரு புடவைக் கடை 2023.04.01 அன்று ரூபா 240,000 கிரயமுள்ள கண்ணாடி அலுமாரியை வாங்கியது. ஆயுட்காலம் 8 வருடம், எச்சப் பெறுமதி ரூபா 40,000. குறைந்து செல்லும் மீதி முறையாயின் வீதம் 25%. 2024.03.31 இல் முடிவடைந்த வருடத்தில் தேய்வுக்கு முந்திய இலாபம் ரூபா 1,500,000. இரு முறைகளிலும் அவ்வருடத்தின் தேறிய இலாபத்தையும், வரி நோக்கத்திற்கான வணிக இலாபத்தையும் கணிக்குக.

விடை: நேர்கோட்டு முறையில் தேய்வு 25,000, தேறிய இலாபம் 1,475,000. குறைந்து செல்லும் மீதி முறையில் தேய்வு 60,000, தேறிய இலாபம் 1,440,000. மூலதனக் கழிவு 48,000. வரி நோக்கத்திற்கான வணிக இலாபம் இரண்டிலும் ரூபா 1,452,000.