வெயிலறிந்து கட்டிய வீடு

நுழையும்முன்

கோடைக்காலத்தில் கதிரவன் மறைந்து நான்கு மணி நேரம் கடந்த பின்னும், கற்காரைக் கூரையிட்ட வீட்டினுள் புழுக்கம் தணிவதில்லை. வாசலில் நிற்போருக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கிறது. உள்ளே படுத்திருக்கும் முதியோரும் குழந்தைகளும் உறக்கமின்றிப் புரள்கின்றனர். வெளியைவிட உள்ளே வெப்பம் மிகுவது ஏன்? மின்கருவியின் துணையின்றி அதனைத் தணிக்க இயலுமா? நிழல், வெப்பநிறை, காற்றோட்டம் ஆகிய மூன்றின் வழியே இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இப்பாடம்.

திசையும் நிழலும்

வீட்டினுள் புகுந்த வெப்பத்தை வெளியேற்றுவதினும் அதனைப் புகவிடாது தடுத்தல் எளிது. ஆதலால் நிழலே முதற்பணி. நிழலின் அளவைத் தீர்மானிப்பது கதிரவன் நிற்கும் உயரம். மதுரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் அமைந்துள்ளது. அங்கு ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறது. அவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட மே, ஜூன், ஜூலை மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே செல்கிறது. எனவே, தமிழகத்தில் தென்சுவருக்கு மட்டுமன்றி வடசுவருக்கும் நிழல் வேண்டும்.

ஒரு சாளரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் உயரம் 120 செ.மீ. அதன் மேல்விளிம்பை ஒட்டி, மக்கள் சன்ஷேடு என்று வழங்கும் பலகம் 60 செ.மீ. நீண்டுள்ளது. சாளரம் வடக்கு நோக்கியிருப்பின், ஜூன் நண்பகலில் கதிரவன் ஏறத்தாழ 76 பாகை உயரத்தில் நிற்பதால், பலகத்தின் நிழல் சாளரம் முழுவதையும் மறைத்து அதற்கும் கீழே இறங்கும். அதே சாளரம் மேற்கு நோக்கியிருப்பின் நிலைமை வேறு. ஏப்ரல் மாதத்தில் பிற்பகல் நான்கு மணியளவில் கதிரவன் ஏறத்தாழ 30 பாகை உயரத்திற்குத் தாழ்ந்துவிடும். அப்போது அதே பலகத்தின் நிழல் 35 செ.மீ. அளவுக்கே விழும். எஞ்சிய 85 செ.மீ. வழியே வெயில் நேராக அறைக்குள் பாயும். அச்சாளரத்தை முழுதும் மறைக்க வேண்டுமாயின் பலகம் 2 மீட்டருக்கு மேல் நீள வேண்டும்.

இரண்டு மீட்டர் நீளும் பலகத்தைத் தாழ்வாரம் என்றே சொல்லலாம். மேற்கு வெயிலைத் தடுக்கத் தாழ்வாரமோ, நிமிர்ந்த தட்டியோ, மரமோ வேண்டும் என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும். மேலும், மறைப்பு சாளரத்திற்கு வெளியே அமைதல் வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை ஒளியை மறைப்பினும், கண்ணாடியைக் கடந்து வந்த வெப்பம் திரையில் தங்கி அறையையே சூடாக்கும்.

கூரையும் வெப்பநிறையும்

கதிரவன் உச்சியில் நிற்கும் நாட்டில் சுவரைவிடக் கூரையே மிகுந்த வெயிலைத் தாங்குகிறது. செங்கல், கல், கற்காரை போன்ற கனமான பொருள்கள் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவன. வெப்பத்தைத் தம்முள் தேக்கிவைக்கும் இப்பொருள்திரளே வெப்பநிறை எனப்படும். வெளிப்புறத்தில் பட்ட வெப்பம் உட்புறத்தை அடையச் சிறிது காலம் பிடிக்கிறது. 23 செ.மீ. கனமுள்ள செங்கற்சுவரில் இத்தாமதம் ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரம். 10 அல்லது 12 செ.மீ. கனமுள்ள கற்காரைத் தளத்தில் ஏறத்தாழ 3 மணி நேரம்.

நண்பகலில் மெல்லிய தளத்தின்மீது பட்ட வெப்பம் பிற்பகலிலேயே உள்ளே இறங்கத் தொடங்குகிறது. பிற்பகல் வெயிலோ இரவு முழுவதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. உறக்கமின்மைக்குக் காரணம் இதுவே. இரவு பத்து மணிக்கு அறையின் சுவரையும் கூரையின் அடிப்பகுதியையும் தொட்டுப் பார்த்து இதனை அறியலாம். கூரை சுவரைவிடச் சூடாக இருப்பின், குறை கூரையில் உள்ளது எனத் தெளியலாம். அந்நிலையில் மின்விசிறி, கூரையை ஒட்டித் தேங்கிய வெப்பக் காற்றையே கீழே தள்ளும்.

பழைய மெட்ராஸ் தளக் கட்டுமானத்தில் மர விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிமிர்த்தி அடுக்கி, அதன்மேல் செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கெட்டித்து, தட்டோடு பதித்தனர். கனமும் அடுக்குகளும் வெப்பத்தைத் தாமதப்படுத்தின. இன்றைய கற்காரைத் தளத்தின்மீதும் சுண்ணாம்பு ஜல்லிக் கலவையும் தட்டோடும் இடுவது பயன்தரும். அதற்கு மேல் பூசும் வெண்சுண்ணாம்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். தூசியும் பாசியும் படிந்து வெண்மை மங்கினால் அப்பயன் குறையும். ஆகவே, கோடை தொடங்குமுன் மீண்டும் பூச வேண்டும்.

காற்றை அழைக்கும் நேரம்

வெப்பநிறை பகலில் வெப்பத்தை ஏற்கும் கலம். இரவில் அதனைக் காலி செய்யாவிடின் மறுநாள் ஏற்க இடமிராது. காலி செய்வது இரவுக்காற்றின் பணி. ஆகவே, உலர்ந்த உள்நாட்டுப் பகுதிகளில் கடும்பகலில் சாளரங்களை மூடியும், இரவில் முழுதும் திறந்தும் வைத்தல் வேண்டும். வெளியே 39 பாகை செல்சியஸ், உள்ளே 33 பாகை என்னும் நிலையில் சாளரத்தைத் திறப்பது வெப்பத்தை விருந்துக்கு அழைப்பதாகும்.

காற்று ஓர் அறையைக் கடக்க நுழைவழி ஒன்றும் வெளிவழி ஒன்றும் எதிரெதிர்ச் சுவர்களில் அமைதல் வேண்டும். ஒரு சுவரில் மட்டும் எத்துணைப் பெரிய சாளரம் இருப்பினும் காற்று அறையின் உட்பகுதியை எட்டுவது அரிது. காற்று வீசாத இரவில், சூடான காற்று இலேசாகி மேலெழும் இயல்பே துணை. கூரையை ஒட்டிய உயர்ந்த திறப்பின் வழியே அது வெளியேற, தாழ்ந்த சாளரத்தின் வழியே குளிர்காற்று நுழையும். கொசுவுக்கும் திருட்டுக்கும் அஞ்சிப் பலர் இரவில் சாளரங்களை அடைக்கின்றனர். கம்பியும் வலையும் பொருத்திய திறப்புகளைக் கட்டும்போதே அமைத்தால் இத்தடை நீங்கும். வலை காற்றைச் சற்றுக் குறைக்குமாதலால் திறப்பு பெரிதாக இருத்தல் வேண்டும்.

செட்டிநாட்டு வீடு

இம்மூன்றும் ஒருங்கே இயங்குவதைக் காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களின் செட்டிநாட்டு வீடுகளில் காணலாம். தெருவை நோக்கிய திண்ணையும் முகப்பும் முன்சுவருக்கு நிழல் தருகின்றன. சுண்ணாம்புப் பூச்சுடைய கனத்த சுவர்கள் பகல்வெப்பத்தைத் தாமதப்படுத்துகின்றன. நடுவிலுள்ள வளவின் முற்றம் வானத்தை நோக்கித் திறந்திருப்பதால், இரவில் தரையும் கூரையோடுகளும் தம் வெப்பத்தை வானிற்கு விடுகின்றன. குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கிச் சுற்றுத் தாழ்வாரத்தின் வழியே அறைகளை அடைகிறது. முன்வாயிலும் பின்வாயிலும் ஒரே நேர்கோட்டில் அமைவது காற்றுக்கு வழி திறக்கிறது. மழைக்கும் தூசிக்கும் அஞ்சி முற்றத்தை ஒளிபுகும் தகட்டால் முழுதும் மூடிவிட்டால், வெயில் உள்ளே வரும், வெப்பம் வெளியேறாது. அப்போது குளிர்விக்கும் முற்றமே வீட்டைச் சூடேற்றும் கூண்டாகிவிடும்.

இம்முறையின் எல்லை

இரவு நன்கு குளிரும் இடத்திலேயே வெப்பநிறை துணைசெய்யும். கடலோரத்தில் ஈரப்பதம் மிகுதி; இரவின் குளிர்ச்சி குறைவு. அங்குக் கனத்த சுவரைவிட நிழலும், வியர்வையை உலர்த்தும் இடையறாக் காற்றுமே முதன்மையானவை. எனவே, கானாடுகாத்தானுக்கு ஏற்ற வீடு நாகப்பட்டினத்திற்கு அவ்வாறே ஏற்றதாகாது. எந்த நிலத்தில் கட்டுகிறோமோ அந்நிலத்தின் வெயிலையும் இரவையும் காற்றையும் அறிந்தபின்னரே சுவரின் கனத்தையும் சாளரத்தின் திசையையும் முடிவு செய்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. வீட்டினுள் ஒன்றும் வெளியே நிழலில் ஒன்றுமாக இரு வெப்பமானிகளை வைத்து, காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை இரண்டு மணிக்கொருமுறை அளவிட்டு எழுதுக. சாளரங்களைத் திறக்கவும் மூடவும் ஏற்ற நேரங்களை அதிலிருந்து கண்டறிக.

2. உங்கள் வகுப்பறையின் மேற்குச் சாளரத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு விழும் நிழலின் நீளத்தை அளந்து, அதனை முழுதும் மறைக்கத் தேவையான மறைப்பினை வரைந்து காட்டுக.